நாற்பது எழுத்துப் பொறாமை

பொறாமைப்படுவதற்கு ஒரு தகுதியான பொருள் வேண்டும் என்று நெடுநாள் நம்பிக்கொண்டிருந்தேன். அடுத்தவர் வீடு, அடுத்தவர் தலைமுடி, அடுத்தவர் பிள்ளை வாங்கிய மதிப்பெண் என்று ஏதாவது உருப்படியாக இருந்தால் வயிறு எரிவதிலும் ஒரு கௌரவம் இருக்கும். என் வயிறு எரிந்தது ஒரு ராக்கெட் படத்துக்காக. பருக்கை அளவு ராக்கெட். அலுவலகத்தில் ஒருவர் திரையில் எழுதியதற்குக் கீழே மற்றவர்கள் பாராட்டாக ஒட்டுவார்களே, அது. எனக்கு ஒட்டப்படவில்லை. எனக்கு எதிர்மேசையில் உட்காருபவருக்குத் தவறாமல் ஒட்டப்பட்டது.

எங்கள் நிறுவனம் காய்கறியும் மீனும் பூவும் இறக்குமதி செய்கிறவர்களுக்கு லாரி நேரம் ஒதுக்கும் மென்பொருள் செய்கிறது. சிங்கப்பூரில் ஜாலான் புசார் பக்கம் அலுவலகம். மென்பொருளில் ஒரு வரியை மாற்றினால் அதைச் சோதிப்பதும் பொட்டலம் கட்டுவதும் சர்வரில் ஏற்றுவதும் தானாக நடக்கும். எதற்கடுத்து எது என்று எழுதிவைத்த சில கோப்புகள் அதைப் பார்த்துக்கொள்கின்றன. வொர்க்ஃப்ளோ என்று அவற்றுக்குப் பெயர். அவற்றில் எல்லா வேலையையும் நாங்களே எழுதியிருந்தால் எங்களுக்கு முதுகு ஒடிந்திருக்கும். உலகத்தில் எங்கோ யாரோ எழுதி இலவசமாக வைத்திருக்கும் நிரல்துண்டுகளைப் பெயர் சொல்லிக் கூப்பிட்டுக்கொள்கிறோம். ஆக்‌ஷன் என்பார்கள். சர்வர் சாவிகள் தொங்குகிற அறைக்குள் முகம் தெரியாத ஒருவரை அழைத்து, 'அண்ணே, இந்த மூட்டையைக் கொஞ்சம் தூக்கி வைங்க' என்பது போன்ற ஏற்பாடு.

அந்த முகம் தெரியாதவரை இரண்டு விதமாக அழைக்கலாம். 'நாலாம் பதிப்பு' என்று அவர் சட்டையில் ஒட்டியிருக்கும் சீட்டைச் சொல்லி அழைப்பது ஒரு விதம். சீட்டுக்கு டேக் என்று பெயர். சிக்கல் என்னவென்றால், அந்தச் சீட்டை ஒட்டியவர், அல்லது அவருடைய கணக்கைத் திருடியவர், அதை உரித்து வேறு ஆள்மேல் ஒட்டிவிட முடியும். தேக்காவில் நான் மீ கோரெங் நூடுல்ஸ் சாப்பிட்டுவந்த கடைக்கு அதுதான் நடந்தது. பலகையில் அதே பெயர், அதே சிரிக்கும் இறால். கரண்டி பிடித்த கை மட்டும் மாறிவிட்டது. முதல் வாயில் எனக்குத் தெரிந்துவிட்டது. தட்டு காலியாகும்வரை நம்ப மறுத்துக்கொண்டிருந்தேன்.

இன்னொரு விதம், ஹாஷைச் சொல்லி அழைப்பது. நிரலின் ஒவ்வொரு நிலையையும் கமிட் என்பார்கள். அதன் உள்ளடக்கத்திலிருந்தே கணக்கிட்டு வருகிற நாற்பது எழுத்து அதன் ஹாஷ். உள்ளே ஒரு காற்புள்ளி மாறினாலும் வேறு நாற்பது எழுத்து வந்துவிடும். சீட்டு எங்கே பறந்தாலும் ஹாஷ் அந்த ஒரே நிலையைத்தான் காட்டும். எங்கள் கோப்புகளில் எல்லா வெளியாள் ஆக்‌ஷனையும் முழு ஹாஷில்தான் கட்டிவைக்க வேண்டும் என்று சண்டை போட்டு நிறுவியவன் நான். நாற்பது எழுத்தைப் பார்த்தால் எந்தப் பதிப்பு என்று மனிதப் பிறவிக்குப் புரியாது என்பதால், பக்கத்தில் ஒரு குறிப்பாகப் பதிப்பு எண்ணையும் எழுதிவைப்போம். கணினி அந்தக் குறிப்பைத் திரும்பியும் பார்க்காது. அது எங்களுக்கு நாங்களே சொல்லிக்கொள்ளும் ஆறுதல்.

இப்படிக் கட்டிவைத்தால் எல்லாம் பழசாகிக்கொண்டே போகுமே என்று கேட்பீர்கள். அதற்கு பாட் என்று தானாக இயங்கும் எடுபிடி நிரல் ஒன்று வைத்திருக்கிறோம். திங்கள் காலையில் அது எழுந்து, எந்த ஆக்‌ஷனுக்குப் புதுப் பதிப்பு வந்திருக்கிறது என்று ஊரெல்லாம் பார்த்து, பழைய ஹாஷை எடுத்துவிட்டுப் புது ஹாஷ் போட்டு, குறிப்பையும் மாற்றி, 'இந்த மாற்றத்தைச் சேர்த்துக்கொள்ளலாமா?' என்று ஒரு விண்ணப்பம் போடும். பி.ஆர். என்போம். பாட் நல்ல பிள்ளை. டேக் எங்கே காட்டுகிறதோ அந்த ஹாஷை எழுதிக்கொண்டு வரும். ஏன் அங்கே காட்டுகிறது என்று கேட்காது. கேட்பதற்குத்தான் எங்களுக்குச் சம்பளம்.

பல ஆண்டுகளாகக் கேட்டுக்கொண்டிருந்தவன் நான் ஒருவன்தான். சிராங்கூனில் ரயில் ஏறியதும் கைப்பேசியில் பி.ஆர்.களைத் திறப்பேன். ஆக்‌ஷனின் மூல வீட்டுக்கே, அதாவது எழுதியவர் அதை வைத்திருக்கும் தளப்பக்கத்துக்கே போய், டேக் காட்டுகிற கமிட்டும் பாட் கொண்டுவந்த ஹாஷும் ஒன்றுதானா என்று முதல் எழுத்திலிருந்து கடைசி எழுத்துவரை பார்ப்பேன். வுட்லே நிலையம். அந்தக் கமிட் அந்த வீட்டின் சொந்தக் கிளையில், அதாவது அதிகாரபூர்வ வரிசையில்தான் இருக்கிறதா, யாரோ நகலெடுத்துத் தன் பக்கத்தில் வைத்துக்கொண்டதிலிருந்து வந்ததா என்று பார்ப்பேன். நகலில் இருக்கும் கமிட்டும் மூல வீட்டின் பெயரைச் சொன்னால் கதவைத் திறந்துவிடும், அப்படி ஒரு வினோதம் அந்தத் தளத்தில் உண்டு. பொத்தோங் பாசிர். பழைய ஹாஷுக்கும் புதுசுக்கும் நடுவில் என்னென்ன மாறியிருக்கிறது என்று படிப்பேன். பூன் கெங். ஃபேரர் பார்க்கில் இறங்குவதற்குள் மூன்று வரி எழுதிவிடுவேன்: 'ஹாஷும் டேக்கும் பொருந்துகின்றன. கமிட் மூலக் கிளையில் உள்ளது. மாற்றங்களைப் படித்தேன், சரி.' என் மனைவி இதை என் திங்கட்கிழமைப் பூஜை என்பாள்.

அந்த மூன்று வரியை ஒரு ஜீவனும் படிப்பதில்லை என்று எனக்கு உறுதியாகத் தெரியும். படித்தால் ராக்கெட் வந்திருக்காதா?

பிறகு அவர் வந்தார். சென்னையிலிருந்து வந்த பெண், என்னைவிடச் சில வயது இளையவர். முதல் நாளே என்னை 'அண்ணா' என்றார். சிங்கப்பூரில் ஐம்பதை நெருங்குகிற, முடிக்குச் சாயம் போடுவதா வேண்டாமா என்று தீர்மானம் எடுக்க முடியாத ஒருவனிடம் சொல்லக்கூடிய சொல்லா அது? வயிற்றெரிச்சலின் முதல் பொறி அங்கேதான் என்று நினைக்கிறேன். பாட் கொண்டுவருகிற பி.ஆர்.களை ஒரு வாரம் அவர், ஒரு வாரம் நான் என்று பார்க்கச் சொன்னார் எங்கள் முதலாளி. அவர் வாரம் வந்தால் காலையில் கோப்பையில் ஆவி அடங்குவதற்குள் எல்லாம் முடிந்திருக்கும். திறப்பார், புருவத்தை ஒரு தடவை உயர்த்துவார், 'நன்று' என்று ஒரே ஒரு சொல், அங்கீகாரம், சேர்ப்பு, அடுத்தது. கீழே ராக்கெட் வரிசை கட்டும். 'சூப்பர் ஸ்பீட்!' என்று ஜொகூரில் இருந்து வேலை செய்கிற யாரோ எழுதுவார்கள். அதே பி.ஆரில் மேலே என் மூன்று வரி, கல்யாணத்துக்கு முதலில் வந்து கடைசிவரை யாரும் சாப்பிடக் கூப்பிடாத உறவினர் மாதிரி உட்கார்ந்திருக்கும்.

அவர் வாரத்தில் நான் ஏன் பார்க்க வேண்டும் என்று நீங்கள் கேட்கலாம். மனைவி கேட்டாள்.

"அவங்க வாரம்தானே? நீங்க ஏன் அதையும் நோண்டுறீங்க?"

"அவங்க சரியாப் பாக்கறதில்ல. நான் விட்டா கம்பெனி போயிரும்."

"கம்பெனி போகாது. உங்களுக்குத் தூக்கம்தான் போகுது."

ஒரு பொறாமை வந்தால் துணைக்கு நாலு பொறாமையை அழைத்துவருகிறது. அவர் குவீன்ஸ்டவுனில் வாடகைக்கு இருந்த வீட்டுச் சன்னலிலிருந்து பழைய ரயில்பாதையின் பச்சை தெரியுமாம். என் சன்னலிலிருந்து எதிர் புளோக்குக்காரர் சன்னல் தெரியும். அவர் சன்னலிலிருந்து நான். பஃபலோ ரோட்டில் நான் எத்தனையோ காலமாகத் தேநீர் குடிக்கும் கடைக்கு அவரை நான்தான் அழைத்துப் போனேன். அடுத்த முறை நாங்கள் தலை காட்டியதும் கடைக்காரர் அவரைப் பார்த்து, முன்பு குடித்த இஞ்சித் தேநீரை நினைவு வைத்து, "தே ஹாலியா, சீனி கம்மி, சரியாம்மா?" என்றார். என்னைப் பார்த்து, "உங்களுக்கு என்னா வேணும்?" என்றார். அன்று நான் எதுவும் குடிக்கவில்லை.

இதெல்லாம் தன் பாட்டுக்கு எரிந்து அணைந்திருக்கும். முதலாளி எண்ணெய் ஊற்றினார். அவருடையது மூன்று தலைமுறைக்கு முந்தியே நாகூரிலிருந்து வந்து டன்லப் ஸ்திரீட்டில் கடை போட்ட குடும்பம். நான் அவரைப் பாய் என்பேன், அவர் என்னை 'என்னாப்பா' என்பார், எல்லாரையும் அப்படித்தான். ஒரு மதியம் தேக்காவில் பிரியாணிக்கு நடுவில் விஷயத்தைப் போட்டு உடைத்தார்.

"அந்த வொர்க்ஃப்ளோ ஃபோல்டருக்கு இனிமே ஒரே ஓனர்தான். ரெண்டு பேருக்கும் பாதிப் பாதி, யாரு பொறுப்புன்னு எனக்கே கன்பியூஸ் ஆவுது. ஒருத்தர் ஓனர், அவங்கதான் புது டீமுக்கு லீட். இன்னொருத்தர் ரிப்போர்ட்ஸ் டீமுக்குப் போவணும். மாசக் கடைசில சொல்றேன்."

ரிப்போர்ட்ஸ் டீம் என்றால் என்னவென்று சொல்லிவிடுகிறேன். எந்த இறக்குமதியாளர் எத்தனை கூடை முட்டைக்கோஸ் இறக்கினார் என்று வண்ண வட்டங்கள் வரையும் இடம். அங்கே போனவர்கள் நல்லவர்களாகத் திரும்பியிருக்கிறார்கள். நிரல் எழுதுகிறவர்களாக யாரும் திரும்பியதில்லை.

"பாய், நான்தானே அந்த ஃபோல்டரை ஆரம்பத்துலேர்ந்து..." என்று இழுத்தேன்.

"தெரியும் லா. ஆனா நீ ரொம்ப ஸ்லோ. அந்தப் பொண்ணு எல்லாத்தையும் காலையிலேயே முடிச்சிடுது."

"அவங்க பாக்கறதே இல்ல பாய். தொறக்குறாங்க, அமுக்குறாங்க."

"பாக்காம அமுக்கினா ஒரு நாளாச்சும் தப்பு வந்திருக்கணும்ல? வந்துச்சா?"

வரவில்லை. அதுதான் என்னை அரித்தது. நான் எலும்பை நகர்த்திவிட்டு ஆட்டுக்கறியைத் தேடினேன். அன்று என் தட்டில் அதுவும் இல்லை. பாயின் தட்டில் இருந்தது.

அந்த மாதத்துக் கடைசித் திங்கள், அவர் வாரம். சிராங்கூனில் ஏறி, கதவோரம் சாய்ந்துகொண்டு கைப்பேசியைத் திறந்தேன். பாட் ஒரே ஒரு பி.ஆர். வைத்திருந்தது. சர்வரில் ஏற்றும் வொர்க்ஃப்ளோவில் இருக்கும் ஒரு சின்ன ஆக்‌ஷன். எந்தெந்தக் கோப்பு மாறியிருக்கிறது என்று பட்டியல் எடுத்துக் கொடுக்கிற சாது. பழைய ஹாஷ் சிவப்பில், புது ஹாஷ் பச்சையில். பக்கத்துக் குறிப்பைப் பார்த்தேன். இன்னொரு முறை பார்த்தேன். பதிப்பு எண் மாறவே இல்லை.

இதன் கனம் வெளியாருக்குப் புரிய வேண்டும். புதுப் பதிப்பு வந்தால் எண்ணும் மாறும், ஹாஷும் மாறும். எண் அப்படியே இருந்து ஹாஷ் மட்டும் மாறினால், யாரோ சீட்டை உரித்து வேறிடத்தில் ஒட்டியிருக்கிறார் என்று பொருள். பலகையில் அதே இறால் சிரிக்கிறது. கரண்டி வேறு கையில். மூல வீட்டுக்குப் போய் அந்தப் புது கமிட்டைத் திறந்தேன். மேலே மஞ்சள் பட்டையில் தளமே எச்சரித்திருந்தது: இது இந்த வீட்டின் எந்தக் கிளையிலும் இல்லை, வெளி நகல் ஒன்றைச் சேர்ந்ததாக இருக்கலாம். உள்ளே போனால், பட்டியல் எடுக்கும் சாதுவின் நடுவில் புரியாத எழுத்துக் குவியலாக ஒரு நீள வரி. சாவிகளைத் துழாவுகிறவர்கள் அப்படித்தான் முகத்தை மூடிக்கொண்டு வருவார்கள்.

பொத்தோங் பாசிர் வந்தது. கட்டைவிரல் பழக்கத்தில் கருத்துப் பெட்டியைத் திறந்துவிட்டது. 'நிறுத்துங்கள்' என்று எழுதினேன். எழுதிவிட்டு அந்தச் சொல்லைப் பார்த்துக்கொண்டே இருந்தேன்.

இது அவர் வாரம்.

அவர் வருவார். திறப்பார். புருவத்தை உயர்த்துவார். அமுக்குவார். பாய் கேட்ட அந்த ஒரு நாள் வந்துவிடும். என் மனத்துக்குள் முட்டைக்கோஸ் வட்டங்கள் எதிர்மேசைக்கு மிதந்து போவதைப் பார்த்தேன். என்னை மிருகம் என்று நினைக்க வேண்டாம், நான் ஏற்பாடும் செய்துகொண்டேன். அவர் அங்கீகரித்ததும், சேர்ப்பதற்கு முன்னால் குதித்துத் தடுத்துவிடுவேன். கம்பெனியும் பிழைக்கும், குட்டும் வெளிப்படும். அவர் இரண்டையும் ஒரே மூச்சில் செய்கிறவர், நடுவில் குதிக்க இடமே கிடையாது என்பது பூன் கெங் தாண்டியபோது நினைவுக்கு வந்தது. அப்போதும் நான் எழுதியதை அழித்தேன். ஒவ்வொரு எழுத்தாக அழித்தேன்.

அலுவலகத்துக்குப் போகவில்லை. ஃபேரர் பார்க்கில் இறங்காமல் லிட்டில் இந்தியா வரை போய், பஃபலோ ரோட்டுக் கடையில் உட்கார்ந்துகொண்டேன். எதிரே பூக்கடைக்காரர் தாமரை மொட்டுகளைப் பெட்டியிலிருந்து எடுத்து அடுக்கிக்கொண்டிருந்தார். நான் பி.ஆர். பக்கத்தைப் புதுப்பித்துப் புதுப்பித்துப் பார்த்தேன். அங்கீகாரம் இல்லை. மறுபடி பார்த்தேன். இல்லை. மாமியார் வீட்டுக்கு வந்த மாப்பிள்ளைக்குக்கூட அவ்வளவு படபடப்பு இருக்காது. ஒரு தடவை 'நிறுத்துங்கள்' மறுபடி பாதிவரை வந்தது. மறுபடி அழிந்தது. சாவிகளை நினைத்தால் விரல் எழுதப் போனது. ராக்கெட்டை நினைத்தால் நின்றது.

"சீனி கம்மி, இஞ்சி தூக்கலா. இதோ போட்டாச்சும்மா" என்றார் கடைக்காரர். எனக்கில்லை. நிமிர்ந்தால், எதிரே நாற்காலியை இழுத்துப் போட்டு உட்காருகிறார் என் எதிர்மேசைக்காரர். தோளில் மடிக்கணினிப் பை.

"அண்ணா, இங்கதான் இருக்கீங்களா! ஆபீஸ்ல தேடிட்டு வர்றேன். இன்னிக்கு வந்த பி.ஆர். பாத்தீங்களா?"

"எந்த பி.ஆர்.?" என்றேன். நாடகத்தில் நடித்த அனுபவம் பள்ளியில் மரமாக நின்றதோடு சரி.

"அந்த ஃபைல் லிஸ்ட் எடுக்கிற ஆக்‌ஷன். ஒண்ணே ஒண்ணுதான் வந்திருக்கு. உங்க கமெண்ட் இன்னும் வரல."

"என் கமெண்ட்டா?"

"ஆமாண்ணா. திங்கக்கெழம நான் வர்றதுக்குள்ள உங்க மூணு லைன் இருக்குமே. ஹாஷ் பொருந்துது, கிளையில இருக்கு, படிச்சேன்னு. அத வெச்சுத்தானே நான் வேகமாப் போறேன்? ஹாஷும் கிளையும் நீங்க பாத்துட்டீங்கன்னா, நான் நம்ம பக்கம் என்ன ஒடையும்னு மட்டும் பாப்பேன். இன்னிக்கு அந்த மூணு லைன் இல்ல. சரி, அண்ணாவுக்கு ஏதோ இடிச்சிருக்குன்னு நான் கையே வெக்கல."

கடைக்காரர் தேநீரை வைத்துவிட்டுப் போனார். எனக்கு என்ன வேண்டும் என்று கேட்டார், காதில் விழவில்லை.

யாரும் படிப்பதில்லை என்று நான் உறுதியாக நம்பிய மூன்று வரியைத் தவறாமல் படித்த ஒரே ஒருவர், நான் யாரை விழவைக்க அதை எழுதாமல் விட்டேனோ அவர்தான். எழுதியிருந்தால் படித்திருப்பார். எழுதாததையும் படித்துவிட்டார். குழி தோண்டுகிறவனுக்கு இதைவிடத் தொழில் நஷ்டம் உண்டா?

"ட்ரெயின்ல சிக்னல் வரல" என்றேன்.

"சிங்கப்பூர் ட்ரெயின்லயா?"

"நார்த் ஈஸ்ட் லைன்ல... சில நேரம்..."

அவர் என்னைப் பார்த்தார். புருவம் ஒரு தடவை உயர்ந்தது. அந்தப் புருவம் வெறுமனே உயர்கிறது என்று இவ்வளவு நாள் நினைத்திருந்தேன். "சரிண்ணா. இப்ப சிக்னல் இருக்குல்ல? சேந்து பாப்போம்" என்று மடிக்கணினியைத் திறந்தார்.

ஏற்கெனவே பார்த்ததை முதல் தடவை பார்ப்பதுபோலப் பார்ப்பது கடினமான கலை. பதிப்பு எண் மாறவில்லை என்று அவர் காட்டியபோது, "அட" என்றேன். மஞ்சள் பட்டை வந்தபோது, "அடடா" என்றேன். புரியாத நீள வரி வந்தபோது இன்னும் பெரிதாக ஏதோ சொன்னேன். பூக்கடைக்காரர் திரும்பிப் பார்த்தார்.

"அண்ணா, மெதுவா" என்றார் அவர். பிறகு விரல்கள் ஓடின. அந்த வேகத்தை நான் முதன்முதலாகப் பக்கத்திலிருந்து பார்த்தேன். பி.ஆரைச் சேர்க்காமல் மூடினார். அந்த ஆக்‌ஷனைத் தொட வேண்டாம் என்று அந்த பாட் நிரலுக்குக் கட்டளை எழுதினார். பாட் பி.ஆர். போட்டதுமே சோதனைகள் தானாக ஓடியிருக்குமே, அதில் இந்தப் புது நிரலும் ஓடியிருக்குமா என்று பார்த்தார். இதை நான் ரயிலில் யோசிக்கவே இல்லை. நான் 'சேர்ப்பதற்கு முன் குதிப்பேன்' என்று திட்டம் போட்டுக்கொண்டிருந்த நேரத்தில் திருடன் வாசலில் ஒரு சுற்று சுற்றிவிட்டுப் போயிருக்கக்கூடும்.

"இந்த ஆக்‌ஷன் சர்வர்ல ஏத்துற ரிலீஸ் வொர்க்ஃப்ளோல மட்டும்தான். பி.ஆர்.ல அது ஓடாது. ஓடியிருந்தாலும் பாட் பி.ஆர்.க்கு நம்ம சாவி எதுவும் போகாது, டோக்கனும் படிக்க மட்டும்தான், எதையும் மாத்த முடியாது. நல்லவேளை, யாரோ முன்னாடியே அப்படி செட் பண்ணி வெச்சிருக்காங்க."

"நான்தான்" என்றேன். அந்தக் காலையில் நான் சொன்ன ஒரே உண்மை.

"அதானே பாத்தேன்" என்றார், திரையிலிருந்து கண்ணை எடுக்காமல். "மத்த ப்ராஜெக்ட்ல எல்லாம் டேக்கா ஹாஷா?"

"எல்லாம் ஹாஷ்தான். சண்டை போட்டு மாத்தினது."

"அப்ப பொழச்சோம். டேக்க வெச்சுக் கூப்பிட்டிருந்தா பி.ஆரே வந்திருக்காது. நேரா உள்ள பூந்திருக்கும்."

மதியத்துக்குள் அந்த ஆக்‌ஷனின் வீட்டு வாசலில் உலகமே கூடி அழுதுகொண்டிருந்தது. எழுதியவருடைய கணக்கை யாரோ திருடி, பழைய டேக்குகளை எல்லாம் அந்தக் கமிட்டுக்கு இழுத்துவிட்டிருந்தார்கள். டேக்கை நம்பியிருந்தவர்களின் சாவிகள் அவரவர் பதிவேட்டில் பச்சையாக அச்சாகிக் கிடந்தன. ஒவ்வொருவராகச் சாவி மாற்றிக்கொண்டிருந்தார்கள். நாங்கள் எதையும் மாற்ற வேண்டியிருக்கவில்லை. அன்று எங்கள் லாரிகள் வழக்கம்போலத் தாமதமாக ஓடின.

சாயங்காலம் பாய் எல்லாரையும் பான்ட்ரியில் கூட்டினார். மேசையில் யாரோ வாங்கிவைத்த கரிபாப், உருளைக்கிழங்கு அடைத்த பஃப். எதிர்மேசைக்காரர் நடந்ததைச் சொன்னார். நேர்மையாகச் சொன்னார், அதுதான் என்னால் தாங்க முடியவில்லை.

"எப்பவும் அண்ணா கமெண்ட் இருக்கும். இன்னிக்கு இல்ல. அதான் நிறுத்தினேன்."

பாய் என் பக்கம் திரும்பினார். "என்னாப்பா, நீ ஏன் எழுதல? பாத்தியா, பாக்கலயா?"

கையில் கரிபாப். வாயில் பாதி கரிபாப். வாழ்க்கையில் உருளைக்கிழங்குக்கு அவ்வளவு நன்றியோடு நான் இருந்ததில்லை. மென்றேன். எல்லாரும் காத்திருந்தார்கள். மறுபடி மென்றேன். எதிர்மேசைக்காரர் தன் கோப்பையைப் பார்த்துக்கொண்டு, "சிக்னல் இல்லயாம் பாய்" என்றார்.

"ட்ரெயின்லயா?" என்றார் பாய். யாரோ சிரித்தார்கள். பாய் சிரிக்கவில்லை. பிரியாணியில் எலும்பு எது கறி எது என்று பிரிக்கிற மாதிரி என்னைக் கொஞ்ச நேரம் பார்த்துவிட்டு, "ம்" என்றார்.

மறுநாள் என்னைத் தனியாக அழைத்தார். நான் ரிப்போர்ட்ஸ் டீமில் எந்த வண்ணம் நன்றாக இருக்கும் என்று யோசித்துக்கொண்டே போனேன்.

"ஃபோல்டர அந்தப் பொண்ணுகிட்ட குடுக்கறேன்" என்றார்.

"சரி பாய்."

"ஏன்னு கேக்க மாட்டியா?"

"ஸ்பீடு."

"ஸ்பீடு இல்ல லா. உன்ன மாதிரி ஹாஷ் படிக்க எனக்கு வேற ஆளு கெடைக்க மாட்டான். அது எனக்குத் தெரியும். ஆனா லீடுன்னா ஆளப் படிக்கணும். அந்தப் பொண்ணு உன்னயும் படிச்சிருக்கு, நீ எழுதாம விட்டதயும் படிச்சிருக்கு. நீ எதிர்ல உக்காந்து இத்தன மாசம் அது என்னா பண்ணுதுன்னு ஒரு வாட்டி கேட்டியா?"

கேட்கவில்லை. உற்றுப் பார்த்தேன். இரண்டும் ஒன்றென்று நினைத்துவிட்டேன்.

"அப்ப நான் முட்டைக்கோஸுக்கு..."

"அதான் ஒன்னும் புரியல எனக்கு. அந்தப் பொண்ணுகிட்ட சொன்னேன், நீதான் ஓனரு, அவன் போறான்னு. முடியாதுன்னுட்டுச்சு. அவர் கமெண்ட் இல்லாம நான் எப்படி அப்ரூவ் பண்றது, அவர் இருந்தாத்தான் நான் ஓனர்ன்னு ஒரே புடியா நிக்குது. போ, நீயும் அங்கயே கெட. ஆனா லீடு அது."

நான் நன்றி சொன்னேனா என்று நினைவில்லை. வெளியே வந்தபோது எதிர்மேசைத் திரையில் ஒரு புதுக் கோப்பு தயாராகிக்கொண்டிருந்தது. எதிர்மேசைக்காரர் விதிகளாக எழுதியிருந்தார்: வொர்க்ஃப்ளோ கோப்பில் ஹாஷ் மாறினால் இரண்டு பேர் அங்கீகாரம் வேண்டும். பதிப்பு எண் அப்படியே இருந்து ஹாஷ் மட்டும் மாறினால் சோதனை தானாகத் தோற்க வேண்டும். புதுப் பதிப்பு எதுவானாலும் வெளிவந்து சில நாள் ஆறிய பிறகே பாட் அதைக் கொண்டுவர வேண்டும். கடைசி விதிக்குப் பக்கத்தில் காரணமாக, 'அவசரப்படாமல் பார்ப்பது நம் பழக்கம்' என்று இருந்தது.

நம் பழக்கம்! அது யாருடைய பழக்கம்? இத்தனை ஆண்டுகள் மந்தம் என்று பெயர் வாங்கிய என் குணம், அவர் கை பட்டதும் கொள்கையாகிவிட்டது. அந்தக் கோப்புக்கு வந்த ராக்கெட்டுகளை நான் எண்ணவில்லை. எண்ணத் தொடங்கி, பக்கம் உருண்டுகொண்டே போனதால் விட்டுவிட்டேன்.

மனைவியிடம் அன்றிரவு எல்லாவற்றையும் சொன்னேன். எழுதி அழித்ததைத் தவிர. அதைச் சொல்லாமலே அவள் கேட்டாள், "ட்ரெயின்ல சிக்னல் இல்லாம போச்சா? நம்ம ஊர்லயா?" எல்லாருக்கும் சொல்லிவைத்தாற்போல ஒரே கேள்வி.

அடுத்த திங்கள், அவருடைய வாரம். இனி எல்லா வாரமும் அவருடையதுதான். கதவோரம் சாய்ந்து பி.ஆரைத் திறந்தேன். பதிப்பு எண் மாறியிருந்தது, ஹாஷும் மாறியிருந்தது, முறைப்படி. மூல வீட்டுக்குப் போனேன். நாற்பது எழுத்தையும் பார்த்தேன். மஞ்சள் பட்டை இல்லை. மாற்றங்களைப் படித்தேன். பூன் கெங்கில் மூன்று வரியை எழுதி அனுப்பினேன். சிக்னல் பிரமாதமாக இருந்தது. ஃபேரர் பார்க்கில் கதவு திறப்பதற்குள் கீழே அவர் அங்கீகாரம் வந்து உட்கார்ந்துவிட்டது. 'நன்று.' அதன் கீழே, நான் நகரும் படிக்கட்டில் ஏறும்போதே, முதல் ராக்கெட். அவருக்கு.

அவர் வேகம் எதில் நிற்கிறது என்று இப்போது எனக்குத் தெரியும். தெரிந்தால் எரிச்சல் அடங்கும் என்று சொல்கிறவர்களுக்கு எதிர்மேசை இல்லை என்று பொருள். முன்பு அவர் பார்க்காமல் அமுக்குகிறார் என்று எரிந்தேன். இப்போது என்னைப் பார்த்து அமுக்குகிறார் என்று எரிகிறேன். இது உயர்ந்த ரகம்.

படிக்கட்டின் உச்சியில் ஓரமாக நின்று, என் மூன்று வரியின் கீழே சின்ன முகம் ஒன்று கண்ணில் பட, சும்மா அழுத்திப் பார்த்தேன். படங்கள் விரிந்தன. நாம் எழுதியதற்கு நாமே ராக்கெட் ஒட்டிக்கொள்ளலாம் என்று இத்தனை ஆண்டுகளில் அன்றுதான் கண்டுபிடித்தேன். ஒட்டினேன். பக்கத்தில் 'ஒன்று' என்று எண் வந்தது.

அலுவலகத்துக்கு நடந்து போய்ச் சேருவதற்குள் அது இரண்டாகியிருந்தது. யார் என்று விரலை வைத்துப் பார்த்தால் தெரியும். நான் இன்னும் வைக்கவில்லை.